செங்கல் ஜாலி நிழலை ரெண்டர் செய்யும்போது நேரும் தவறுகள்

ஓட்டைகள் விட்டுக் கட்டும் செங்கல் ஜாலிச் சுவரை 3D படமாக்கும்போது அளவு மாறுவது, டெக்ஸ்சர் இழுபடுவது போன்றவை படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். அழகான படத்துக்குள் ஒளிந்திருந்து, வீடு கட்டி முடித்த பிறகே வெளிப்படும் தவறு வேறு.

தடிமன் இல்லாத ஜாலி

தட்டையான ப்ளேனில் ஓட்டைகளை ஆல்ஃபா படமாக ஒட்டிவிட்டு வெயிலைப் போடுகிறார்கள். நாகர்கோவிலில் மேற்குப் பார்த்த ஒரு கூடத்துக்கு இப்படித்தான் படம் போனது: மார்ச் மாதம், மதியம் இரண்டரை மணி, சிவப்பு ஆக்ஸைடு தரை முழுக்கக் கட்டம் கட்டமாக வெயில். கொத்தனார் கட்டியதோ நாலரை அங்குலச் சுவர். அந்த நேரத்தில் நேர் வெயில் ஒரு கீற்றுகூட உள்ளே விழவில்லை. வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கொத்தனார் அல்ல, படம் போட்டவர்.

கணக்கு எளிது. ஓட்டையின் உயரம் 75 மி.மீ., சுவரின் தடிமன் 110 மி.மீ. என்றால், வெளிப்பக்க மேல் விளிம்பைத் தொட்டு உள்பக்கக் கீழ் விளிம்பில் இறங்கும் கதிரின் சாய்வு சுமார் 34 டிகிரி. சுவருக்கு நேர் எதிரே நிற்கும் சூரியன் அதற்கு மேல் இருந்தால் செங்கலே வெயிலை மறித்துவிடும். மார்ச் 21 அன்று நாகர்கோவிலில் இரண்டரை மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 58 டிகிரியில் நிற்கும். 34-க்கு இறங்க நாலு மணி தாண்டிவிடும். ஐந்து மணிவாக்கில் 20 டிகிரி. அப்போதும் 75-இல் 40 மி.மீ. மறைந்து, 35 மி.மீ. மட்டுமே திறந்திருக்கும். தரையில் அது 96 மி.மீ. நீளப் பட்டையாக விழும். அதே ஊரில் தெற்குச் சுவரில் இந்த ஜாலி வைத்தால் நண்பகல் வெயில் எந்த மாதமும் உள்ளே வராது. டிசம்பரில்கூட அது 58 டிகிரிக்குக் குறையாது.

ஆகவே 230 × 110 × 75 அளவில் ஒரு செங்கல்லை மாடல் செய்து, வரிசைகளாக அடுக்குங்கள். ஆல்ஃபா ப்ளேனுக்கு Solidify போட்டாலும் ஓட்டைக்குள் பக்கச் சுவர் உருவாகாது.

சூரியனைப் புள்ளியாக்குவது

நிழல் கூர்மையாக வேண்டும் என்று பிளெண்டரில் சூரிய விளக்கின் `Angle`-ஐ 0 ஆக்குகிறார்கள். உண்மைச் சூரியனின் அகலம் சுமார் 0.53 டிகிரி. கதிர் ஒவ்வொரு மீட்டர் போகும்போதும் நிழல் விளிம்பு 9 மி.மீ. அளவுக்குக் கரையும். அதே 20 டிகிரி வெயிலில், அரை மீட்டர் உயரத்து ஓட்டையின் கதிர் ஒன்றரை மீட்டர் ஓடித் தரையைத் தொடும். பட்டை தெளிவாக இருக்கும். இரண்டு மீட்டர் உயரத்து ஓட்டைக்கு அதே ஓட்டம் ஆறு மீட்டர். கரையும் விளிம்பு ஒளிக்கற்றையைவிட அகலமாகி, வடிவமே கலைந்துவிடும். கூர்மை வேண்டுமென்றால் கேமராவைத் தாழ்த்தி, கீழ் வரிசைகளின் நிழல் விழும் இடத்தைக் காட்டுங்கள்.

HDRI வெயிலை மட்டும் நம்புவது

வேண்டாம். HDRI என்ற சுற்றுப்புற ஒளிப் படம் வானத்துக்கு, வெயிலுக்குத் தனி விளக்கு.

டீநாய்ஸ்

படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸைக் குறைந்த சாம்பிளில் போட்டால் மெல்லிய பட்டைகளையும் மெழுகிவிடும். முதலில் சாம்பிளைக் கூட்டுங்கள்.