சாட் பாக்ஸ்ல பட்டன் இருந்தும் யாரும் அமுக்கலையா? என் அனுபவம்

எங்க சைட் சாட் பாக்ஸ்ல முதல்ல "வணக்கம், என்ன உதவி வேணும்?"னு ஒரு வரியும் காலி பெட்டியும் மட்டும்தான். வர்றவங்க "ஹாய்"னு அடிச்சுட்டு போயிடுவாங்க, விஷயமே சொல்ல மாட்டாங்க. சரின்னு வரிக்குக் கீழ நாலு பட்டன் வெச்சோம், அப்பவும் போன்ல இருந்து "ஹாய்"தான் வந்துச்சு. பட்டன் பேரை மாத்தினோம், கலரை மாத்தினோம், ஒண்ணும் நடக்கல. கம்ப்யூட்டர்ல வர்றவங்க மட்டும் ஒழுங்கா அமுக்குறாங்க, அதுதான் புரியவே இல்ல.

கடைசியில நிஜ போன்ல திறந்து பாத்தப்போதான் தெரிஞ்சது. சாட்டைத் தட்டின உடனே ஸ்கிரிப்ட் கர்சரை டெக்ஸ்ட் பெட்டிக்குள்ள வெச்சிடுது, கீபோர்டு மேல வந்து பட்டன் மொத்தத்தையும் மறைச்சிடுது. பிரவுசரைச் சின்னதாக்கி டெஸ்ட் பண்ணா கீபோர்டே வராது, அதனால இது கண்ணுல படாது. மவுஸ் இருந்தா மட்டும் ஃபோகஸ் ஆகுற மாதிரி மாத்தினேன்:

```
if (matchMedia("(pointer: fine)").matches) input.focus();
```

பழைய சாட்ல ஜனங்க எழுதின வார்த்தையையே பட்டனுக்கும் வெச்சேன், "டெலிவரி நிலை"க்கு பதிலா "ஆர்டர் எங்க இருக்கு?". டெக்ஸ்ட் பெட்டியை எடுக்கல, பட்டன்ல அடங்காத கேள்விக்கு அது வேணும், உள்ள "வேற கேள்வியா? ஆர்டர் நம்பரோட எழுதுங்க"ன்னு போட்டேன். இப்போ போன்லயும் பட்டனைத்தான் அமுக்குறாங்க, அப்பாடா.