படியில் முட்டி நிற்கும் ரோலரை ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்?

எங்கள் ஊர் மைதானத்தில் கிரிக்கெட் பிட்ச்சைச் சுற்றி ஒரு சிமென்ட் விளிம்பு கட்டியிருக்கிறார்கள். மண்ணை அழுத்தும் ரோலரை உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் அந்தப் படியைத் தாண்டியாக வேண்டும். சமதளத்தில் ஒரே ஆள் உருட்டிப்போகும் ரோலர் படியில் முட்டியதும் அசையாமல் நின்றுவிடும். எவ்வளவு இழுத்தால் கிளம்பும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் அதே கணக்குதான். அதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ரோலரின் நிறை 50 கிலோ, ஆரம் 25 செ.மீ., படியின் உயரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அச்சில் கயிறு கட்டிக் கிடைமட்டமாக இழுக்கிறோம். தரையிலிருந்து ரோலரைக் கிளப்பும் மிகக் குறைந்த விசை எவ்வளவு?

படி 1: அளவு மாறாமல் வரையுங்கள்

கிறுக்கலாக ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சூத்திரத்துக்குத் தாவ வேண்டாம். கட்டக் காகிதம், காம்பஸ், ஸ்கேல் மூன்றும் போதும். திரையில் வரையும் செயலிகளைவிட இந்தக் கணக்குக்குக் காகிதம்தான் நல்லது என்பது என் கருத்து. ஸ்கேலை வைத்து நீங்களே அளக்கும்போதுதான் எந்த நீளம் எங்கிருந்து வருகிறது என்று மனதில் நிற்கும்.

நிஜத்தில் 5 செ.மீ. என்பதைத் தாளில் 1 செ.மீ. ஆக்குங்கள். ரோலர் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டமாகிவிடும், படி 1 செ.மீ. உயரமுள்ள சுவராகிவிடும். சுவரின் மேல்முனை வட்டத்தைத் தொடும்படி வரையுங்கள். அந்தத் தொடும் முனைக்கு P என்றும் அச்சுக்கு O என்றும் பெயர் வைப்போம்.

படி 2: கிளம்பும் நொடியில் என்னென்ன விசைகள்?

ரோலரின் எடை W, O-விலிருந்து நேர் கீழே. இழுக்கும் விசை F, O-விலிருந்து கிடைமட்டமாகப் படியை நோக்கி. P-யில் படிமுனை ரோலரைத் தள்ளும் எதிர்விசை. அப்புறம் தரை மேல்நோக்கித் தள்ளும் விசை N.

இந்த N-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். கயிற்றில் விசை இல்லாதபோது முழு எடையையும் தரைதான் தாங்குகிறது. இழுக்க இழுக்கப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிமுனைக்கு மாறி N குறைந்துகொண்டே வரும். N பூச்சியமாகும் நொடிதான் ரோலர் கிளம்பும் நொடி. “மிகக் குறைந்த விசை” என்று கேள்வியில் இருப்பதன் பொருளே N = 0 என்பதுதான். தரை தள்ளாதபோது தரையின் உராய்வும் கிடையாது, ஆகவே அதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். மிஞ்சுவது மூன்றே விசைகள்.

படி 3: எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிடுவது?

P-யைச் சுற்றி. ரோலர் உண்மையிலேயே அந்த முனையைச் சுற்றித்தான் மேலே புரளப் போகிறது. தவிர, படிமுனையின் எதிர்விசை எந்தத் திசையில், எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. P வழியாகவே அது செல்வதால் P-யைச் சுற்றி அதன் திருப்பு விசை பூச்சியம். தெரியாதது கணக்கிலிருந்து விலகிவிடும்.

அச்சைச் சுற்றிக் கணக்கிட்டால் F, W இரண்டுமே O வழியாகப் போவதால் இரண்டின் திருப்பு விசையும் பூச்சியமாகிவிடும், விடை வராது. ஆனால் ஒரு செய்தி கிடைக்கும்: சமநிலைக்கு மூன்றாவது விசையும் O வழியாகவே போக வேண்டும். அதாவது படிமுனையின் தள்ளல் P-யிலிருந்து நேராக அச்சை நோக்கியே இருக்கும், செங்குத்தாக அல்ல. அச்சில் இழுக்கும்வரை, படிமுனை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் ரோலர் அங்கே வழுக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

படி 4: செங்குத்துத் தூரங்கள்

பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

திருப்பு விசை என்பது விசையை, P-யிலிருந்து அந்த விசைக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கியது. P-யிலிருந்து O வரையுள்ள தூரம் 25 செ.மீ.தான், ஆனால் அது நமக்கு வேண்டிய தூரம் அல்ல. விசை எந்தக் கோட்டில் போகிறதோ அந்தக் கோடு P-யை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி.

F-க்கு: விசைக்கோடு கிடைமட்டம், அச்சின் உயரத்தில் போகிறது. அச்சு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, P தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில். விலகல் 25 − 5 = 20 செ.மீ. இங்கே 25 என்று போட்டால், ரோலர் படிமுனையை விட்டுவிட்டுத் தரையைச் சுற்றிப் புரளுவதாக ஆகிவிடும். விடையும் உண்மையைவிடக் குறைவாக வரும்.

W-க்கு: விசைக்கோடு செங்குத்து, O வழியாக இறங்குகிறது. P அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கவாட்டில் இருக்கிறது? O-P கோடு கர்ணம், 25. செங்குத்துப் பக்கம் இப்போது கண்ட 20. பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாவது பக்கம் √(625 − 400) = 15 செ.மீ. உங்கள் தாளில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 3 செ.மீ. காட்டும். காட்டவில்லையென்றால் படம் தவறு, மேலே போகாமல் திரும்ப வரையுங்கள்.

கோணம், சைன், கோசைன் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. கோணத்தைக் கொண்டுவந்தால், அதைச் செங்குத்திலிருந்து அளந்தோமா கிடைமட்டத்திலிருந்து அளந்தோமா என்ற குழப்பம் கூடவே வரும். நீளங்களோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

படி 5: விடை

F ரோலரைப் படிமேல் புரட்டப் பார்க்கிறது, W திரும்பத் தரைக்குத் தள்ளப் பார்க்கிறது. கிளம்பும் நொடியில் இரண்டும் சமம்.

```
F × 20 = W × 15
F = 0.75 W
W = 50 × 9.8 = 490 நியூட்டன்
F = 367.5 நியூட்டன்
```

ஏறத்தாழ 37.5 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை. எந்த ரோலருக்கும் எந்தப் படிக்கும் பொருந்தும்படி எழுதினால்:

```
F = W × √(2Rh − h²) / (R − h)
```

R ஆரம், h படியின் உயரம். இந்தச் சூத்திரம் சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. h = 0 என்றால் F பூச்சியம், படியே இல்லை, சரி. h-ஐ R-க்கு அருகே கொண்டுபோனால் கீழே உள்ள R − h சுருங்கி, F எல்லையில்லாமல் பெருகும். அச்சின் உயரத்துக்குப் படி வந்துவிட்டால் கிடைமட்டமாக எவ்வளவு இழுத்தாலும் சுவரில்தான் அழுந்தும், ஏறாது. உங்கள் சூத்திரம் இப்படி நடந்துகொள்ளவில்லையென்றால் நான்காம் படியில் ஏதோ பிசகு.

இன்னொன்று: இந்த 367.5 நியூட்டன் தொடக்கத்துக்கு மட்டும். ரோலர் கொஞ்சம் எழும்பியதும் அச்சு P-யைவிட இன்னும் உயரே போகும், பக்கவாட்டுத் தூரம் 15-லிருந்து குறையும். ஆகவே தேவையான விசை குறைந்துகொண்டே வரும். கிளம்பிவிட்டால் ஏறிவிடும். அதே விசையில் இழுத்துக்கொண்டே இருந்தால் மேலே வரும்போது வேகம் பிடிக்கும், முன்னால் நிற்பவர் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை: “எனக்குக் குறைவாகக் காட்டுகிறதே?”

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கயிற்றில் மாட்டி அளந்த வாசகர் ஒருவர், கணக்கில் வருவதைவிடக் குறைவாகக் காட்டுவதாக எழுதியிருந்தார். கயிறு எப்படி இருந்தது என்று கேட்டேன். நின்றுகொண்டு இடுப்பு உயரத்தில் பிடித்து இழுத்திருக்கிறார். அப்போது கயிறு கிடைமட்டமாக இருக்காது, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு நமக்குச் சாதகம். 20 டிகிரி சாய்வென்றால் விசைக்கோடு P-யிலிருந்து ஏறத்தாழ 23.9 செ.மீ. விலகிவிடும், தேவையான விசை 307 நியூட்டனாகக் குறைந்துவிடும். O-P கோட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக, அதாவது சுமார் 37 டிகிரி சாய்வில் இழுத்தால் முழு 25 செ.மீ. கிடைக்கும். அப்போது 294 நியூட்டன் போதும். அதற்குக் கீழே போக முடியாது.

இதைத் திருப்பிப் பார்த்தால் மைதானத்தில் தினமும் நடப்பது புரியும். ரோலரின் பின்னால் நின்று கைப்பிடியைத் தள்ளுகிறவருடைய விசை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதே 20 டிகிரி கீழே சாய்ந்தால் விலகல் 13.7 செ.மீ.தான், விசை 538 நியூட்டன். ரோலரின் எடையையே தாண்டிவிட்டது! படி வந்ததும் ரோலரைத் திருப்பி, நாம் முன்னால் போய் இழுப்பதற்கு இதுதான் காரணம். வீட்டில் சோதிப்பவர்கள் கிடைமட்ட விடைதான் வேண்டுமென்றால், தராசை அச்சின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் முள் தாண்டிக் குதிக்கும்.

இன்னொரு கேள்வி: பலகை வைத்தால்?

படிக்கு முன்னால் 2.5 செ.மீ. தடிமனுள்ள பலகை போட்டால் விசை பாதியாகுமா என்று கேட்டிருந்தார்கள். ஆகாது. h-ஐ 2.5 ஆக்கிச் சூத்திரத்தில் போட்டால் F = 0.48 W, ஏறத்தாழ 237 நியூட்டன். பாதி என்றால் 184 வந்திருக்க வேண்டும். உயரம் சிறிதாக இருக்கும்போதே விசை வேகமாக ஏறிவிடுகிறது. வெறும் 1 செ.மீ. உயரமுள்ள ஒரு கல்லுக்கே எடையில் 0.29 பங்கு வேண்டியிருக்கிறது. ஆனாலும் 367-க்குப் பதில் 237 என்பது நல்ல லாபம்தான்.

பலகையின் அகலத்தில் மட்டும் கவனம் வேண்டும். பலகைமேல் ரோலர் முழுதாக ஏறி நின்ற பிறகே அடுத்த படியைத் தொட வேண்டும். தொடும்போது அச்சுக்கும் படிக்கும் இடையே பக்கவாட்டில் 10.9 செ.மீ. இருக்கும். அதனால் பலகை அதைவிடக் குறுகலாக இருந்தால் ரோலர் பலகையில் நிற்காமலே படியில் முட்டிவிடும். 15 செ.மீ. அகலப் பலகையைப் படியோடு ஒட்டிப் போட்டு, பின்னுக்கு நகராமல் ஒரு செங்கல்லை அண்டை கொடுத்தால் போதும்.