அழுகைக் காட்சியை சஸ்பென்ஸ் காட்சியாக மாற்றுவது எப்படி?

நான் மாற்றி எழுதிய ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீடு, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவருடைய காரியம் முடிந்ததும், தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க சேலத்திலிருந்து அண்ணன் வருகிறான். பழசைப் பேசி இருவரும் அழுகிறார்கள். கடைசியில் அவள், “அப்பா தோட்டத்த எம்பேருக்கு உயில் எழுதிட்டாருண்ணா” என்று உடைக்கிறாள்.

1. உண்மையை முன்னால் கொண்டுவாருங்கள். கடைசி வரியில் இருந்ததை முதல் பத்தியில் வைத்தேன். வாசலில் கார் சத்தம் கேட்கிறது. அவள் உயிலை மடித்து நீல நிறக் காபிப்பொடி டப்பாவில் திணிக்கிறாள். இனி வாசகருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

2. விவரங்களை வெட்டுங்கள். சில்வர் ஓக், மிளகுக்கொடி, பனிமூட்டம் என்று அரைப் பக்கம் இருந்தது. டப்பாவோடு சம்பந்தப்படாததை எல்லாம் எடுத்துவிட்டேன். பனி மட்டும் நின்றது, அதுவும் வேலை செய்ததால்: இருட்டுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

3. வேகம். பலரும் சறுக்குவது இங்கேதான். வாக்கியத்தைச் சின்னதாக்கினால் பதற்றம் வந்துவிடாது. ஆபத்து நெருங்கும் இடத்தில் நேரத்தை இழுக்க வேண்டும். வர்ணனையால் இழுத்தால் வாசகர் தாண்டிப் போவார், தடைகளால் இழுங்கள்.

“நீ உக்காரு கண்ணு, காபி நானே போடறேன்.”
“பால் காய்ச்சலீங்கண்ணா.”
“கடுங்காபி போதும். பொடி எங்க?”
“மேல பாக்கெட்டு இருக்குது.”
“நீல டப்பா இங்கயே இருக்குதே.”

இதில் ஒருவரும் அழவில்லை, உயில் என்ற சொல்லும் இல்லை. டப்பா மூடியில் அவன் கை விழுந்ததும் ஹாரன் மறுபடி ஒலிக்கிறது. அவன் ஜன்னல் பக்கம் திரும்புகிறான், மூடியிலிருந்து கையை எடுக்காமல்.

4. சோதனை. முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். வெறும் காபி போடும் பேச்சாகத் தெரிந்தால் சரி. அப்போதும் தங்கை நடுங்கிக்கொண்டும் வியர்த்துக்கொண்டும் இருந்தால், அந்த வரிகளை அடித்துவிடுங்கள். இந்தத் திருத்தத்தைத் தாளில் செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். திரையில் பழைய வசனத்தை வெட்டி ஒட்டும்போது பழைய அழுகையும் கூடவே வந்துவிடுகிறது.

பின்சேர்க்கை: “உயில் சிக்கினால்தான் என்ன, பதிவு அலுவலகத்தில் நகல் இருக்குமே?” என்று ஒரு வாசகர் கேட்டார். சரியான கேள்வி. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் முதல் பத்தியில், “பதிவு பண்ணாத உயிலும்மா, இந்தத் தாள் ஒண்ணுதான்” என்று அப்பா சொன்னதை அவள் நினைத்துக்கொள்வதாகச் சேர்த்தேன். கிழிந்தால் என்ன ஆகும் என்பது வாசகருக்கு முன்பே தெரியாவிட்டால் டப்பா வெறும் டப்பாதான்.

இன்னொருவர், எல்லாம் முதலிலேயே தெரிந்துவிட்டால் முடிவில் என்ன மிச்சம் என்றார். ஒன்றை மட்டும் ஒளித்து வையுங்கள். என் காட்சியில் அண்ணன் பாக்கெட் பொடியில் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறான். காரில் ஏறும்போது, “அந்த டப்பாவுல பொடி வாசமே வரலியே கண்ணு” என்கிறான்.