லோகோவுக்கு ஓகே சொல்லும் முன்

ஈரோட்டில் மஞ்சள்தூள் விற்கும் அண்ணன் ஒருவர் ஏஐயில் உருவாக்கிய லோகோவை அனுப்பினார்: கரும்பச்சை இலை, கீழே #FFC107 மஞ்சளில் பெயர். கறுப்புப் பின்னணியில் பெயர் பளிச்சென்று தெரிந்தது, இலைதான் மங்கல். வெள்ளைப் பாக்கெட்டில் வைத்தால் பெயரே காணோம். அளந்தால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வெளிச்ச வேறுபாடு 1.6:1 தான், குறைந்தது 3:1 வேண்டும்.

படத்தின் மேல் வைக்கும்போது இன்னும் கவனம் தேவை. மஞ்சள் காயும் களத்துப் படத்தில் வெயில் விழும் இடம், நிழல் விழும் இடம் இரண்டிலும் லோகோவை நகர்த்திப் பாருங்கள். அப்புறம் வாட்ஸ்அப் டிபி அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் படியுங்கள்.

அவருக்கு மூன்று கோப்புகள் செய்தோம்: வெள்ளைக்கு முழுக் கரும்பச்சை, கறுப்புக்கு முழு வெள்ளை, படத்துக்கு வெள்ளைப் பட்டைமேல் கரும்பச்சை.