பார்வையில்லாதவங்களுக்காக, கண்ணுக்குத் தெரியுறத குரல்ல சொல்ற ஆடியோ டிஸ்கிரிப்ஷன படத்துக்கு எழுதுறீங்களா? முதல்ல கண்ண மூடிக்கிட்டு சீன கேளுங்க

டயலாக்குக்கு நடுவுல 4 செகண்ட் கேப்னு வைங்க, தமிழ்ல நிதானமா ஏழெட்டு வார்த்தைதான் உள்ள போகும். நீல சேலை கட்டுன பொண்ணு மழையில கதவத் திறந்து வர்றா, லெட்டர கிழிச்சு அடுப்புல போடுறா. இதுல மழையும் கதவும் காதுலயே விழுந்துடும், சேலை கலர் பின்னாடி கதைக்கு வேணும்னாதான் சொல்லணும், அதனால மிச்சம் "லெட்டரக் கிழிச்சு அடுப்புல போடுறா", அவ்ளோதான். "கோவமா கிழிக்கிறா"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, பல்லக் கடிக்கிறது தெரிஞ்சா அத சொல்லுங்க, கேக்குறவங்களுக்குப் புரியும். படம் இன்னும் பேர் சொல்லலன்னா நீங்களும் சொல்லாதீங்க (சஸ்பென்ஸ் படத்துல இதுலதான் நிறைய பேர் சொதப்புவாங்க). மியூசியத்துக்கு எழுதுறப்ப கேப் பிரச்சனை இல்ல, அங்க சிலையோட உயரம், எதுல செஞ்சதுன்னு ஆரம்பிச்சு அப்புறமா கை கால் விவரத்துக்கு வாங்க.