ஜன்னலோரம் கோட்டை விட்ட ரோபோ

எங்கள் டிப்ளமோ ப்ராஜெக்ட், தரையில் உள்ள கருப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ. அதில் செலவைக் குறைக்க மைக்ரோகன்ட்ரோலரே வைக்கவில்லை. இரண்டு ஐஆர் சென்சார், வோல்டேஜை ஒப்பிட ஒரு எல்எம்358 சிப், மோட்டாரை ஓட்ட ஒரு எல்293டி சிப், அவ்வளவுதான்.

அறைக்குள் அழகாக ஓடிய ரோபோ, ஜன்னலோரம் வளைவு வந்ததும் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. சந்தேகம் மோட்டார் மேல் வரும். முதலில் மீட்டரை எடுங்கள். போட்டோடையோடு வோல்டேஜ் வெள்ளைத் தரையில் 3.1, கருப்புக் கோட்டில் 0.8. இதற்கு மேல் வெள்ளை, கீழே கருப்பு என்று பிரிக்கும் அளவை ப்ரீசெட் திருகில் நடுவாக 2.0 வைத்திருந்தோம். ஜன்னலோரம் கருப்பிலேயே 2.4 வந்தது! வெயிலிலும் ஐஆர் இருப்பதால் கோடும் வெள்ளையாகவே தெரிந்திருக்கிறது.

போட்டோடையோடைச் சுற்றி, தரையை மட்டும் பார்க்கும்படி கருப்புக் குழாய் மாட்டினோம். சென்சாரைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு இறக்கினோம். அப்புறம் அதே ஜன்னலோரம் கருப்பு 1.0, வெள்ளை 2.8. ப்ரீசெட்டை 1.9-க்கு மாற்றியதும் வளைவில் ஒழுங்காகத் திரும்பியது. நேரடி வெயிலுக்கு மட்டும் இது போதாது.