புதுப் பட்டறை திறப்பு விழாவில் இரண்டு நிமிடம் பேசுவது எப்படி? வீட்டாருக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்லும் முறை

முதன்முதலாகச் சொந்தமாகப் பட்டறை போடுகிறவர் திறப்பு விழாவில் நீளமாகப் பேச வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வீட்டார், வங்கிக்காரர், கைமாத்துக் கொடுத்த சொந்தக்காரர் என்று பணம் சம்பந்தப்பட்ட எல்லோரும் வந்துவிடுகிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான் அவர்களில் அதிகம். நன்றி சொல்கிறேன் என்று அதை மைக்கில் சொல்லிவிட்டால் அன்று மாலையே வீட்டில் சண்டை வரும். அதனால் என்ன பேசுவது என்பதற்கு முன்னால், எதைப் பேசாமல் விடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே எழுதிப் பார்ப்போம். கோவை கணபதி பக்கம் ஒரு வாடகை ஷெட். ஐடிஐயில் டர்னர் படித்து, பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த ஒருவர், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷினோடு ஜாப் ஒர்க் எடுக்கப் போகிறார்.

முதல் படி: பணம் வந்த வழியை எழுதுங்கள்

இது உங்கள் கண்ணுக்கு மட்டுமான தாள். நம் ஆளின் திட்ட மதிப்பு 12 லட்சம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் சிறப்புப் பிரிவு, நகர்ப்பகுதி. சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 60 ஆயிரம். மீதி 11 லட்சத்து 40 ஆயிரம் வங்கிக் கடன். மானியம் 25 சதவீதம், 3 லட்சம்.

மானிய விஷயத்தில்தான் பலர் மைக்கில் தப்பாகப் பேசிவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் மானியம் கையில் வருவதில்லை. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும். பட்டறை ஒழுங்காக ஓடுகிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். திறப்பு விழா அன்றைக்கே “அரசாங்கம் எனக்கு மூணு லட்சம் குடுத்துச்சு” என்றால் அது உண்மையும் ஆகாது. கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேர் “அந்தக் காசு என்னாச்சு?” என்று விசாரிக்கவும் ஆரம்பிப்பார்கள்.

தாளில் இன்னும் மூன்று வரி சேரும். ஷெட் அட்வான்சுக்கு மாமா கொடுத்த கைமாத்து. மின் இணைப்புக்கும் ஒயரிங்குக்கும் அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். டூல்ஸ் வாங்க மனைவி எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணம்.

இரண்டாம் படி: ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள்

விழாவுக்கு நாலைந்து நாள் முன்னால் தனியாகப் போய், “மாமா, உங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லலாமுங்களா?” என்று கேட்டுவிடுங்கள். பணம் கொடுத்ததைச் சொல்லலாமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். முதல் கேள்விக்குச் சரி என்பவர் இரண்டாவதற்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பார். மாமா உங்களுக்குக் கொடுத்தது தெரிந்தால், கேட்டும் கிடைக்காத இன்னொரு மருமகன் அதே பந்தலில் உட்கார்ந்திருப்பான். நகை விஷயம் இன்னும் நுணுக்கம். அம்மா கழுத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஊரில் ஆள் உண்டு. அவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும் நகையைப் பேச்சிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன்.

அப்படியானால் எதற்கு நன்றி சொல்வது? பணத்தோடு அவர்கள் செய்த வேறொரு காரியத்துக்கு. மாமா ஷெட் தேடி அலைந்திருப்பார். மனைவி கொட்டேஷன்களை ஃபைல் போட்டு வைத்திருப்பார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாருக்கும் உறுத்தாது. கொடுத்தவருக்கு மட்டும் உள்ளே இருப்பது புரியும்.

மூன்றாம் படி: வங்கிக்காரருக்குச் சொல்லும் வரியை எடைபோட்டு எழுதுங்கள்

மேலாளர் வந்து உட்கார்ந்திருப்பார். நல்லெண்ணத்தில் நம்மாட்கள் சொல்லும் ஒரு வரி அவரை நெளிய வைக்கும்: “சார் எனக்காக ரூல்ஸ் எல்லாம் பாக்காம பண்ணிக் குடுத்தாரு.” விதிப்படி கொடுத்த கடனை, அவர் விதியை மீறிக் கொடுத்ததாகப் பத்துப் பேர் முன்னால் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடும். “ஜாமீன் கேக்காம குடுத்தாரு” என்பதும் அப்படித்தான். திட்டத்தில் இருக்கிற வசதி அவருடைய தனிப்பட்ட தயவாகிவிடுகிறது. மறுநாள் அவர் மேஜை முன்னால் உங்கள் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அவர் உண்மையில் செய்த வேலையைச் சொல்லுங்கள். திட்ட அறிக்கையைப் படித்தார், கேள்வி கேட்டார், ஒன்றைத் திருத்தச் சொன்னார். கடனுக்கு ஒப்புதல் கொடுத்தவர் மாற்றலாகிப் போய், இப்போது வந்திருப்பவர் புதியவராகவும் இருக்கலாம். அதனால் ஆள் பெயரைவிடக் கிளையையும் பதவியையும் சொல்வது பாதுகாப்பு. தொகை வேண்டாம், வட்டி வேண்டாம். “ஒரு தவணைகூடத் தவற மாட்டேன்” என்ற சபதமும் வேண்டாம். ஜாப் ஒர்க்கில் பில் பணம் தள்ளித் தள்ளி வரும் என்று அவருக்கும் தெரியும். பேப்பர் வேலைக்கு நடுவில் நின்ற ஏஜென்ட் யாராவது இருந்தால் அவரை மேடைக்கே கொண்டுவராதீர்கள்.

நான்காம் படி: பழைய முதலாளி

அவரை அழைத்து, வந்தும் இருந்தால், தொழில் கற்ற இடம் என்று ஒரு வரி கட்டாயம் சொல்லுங்கள். “அவரோட பார்ட்டிங்க எல்லாம் இனி நம்மகிட்டயும் வரலாம்” என்ற தொனி எந்த வரியிலும் எட்டிப் பார்க்கக் கூடாது. விளையாட்டுக்குச் சொன்னாலும் அது விளையாட்டாகப் போய்ச் சேராது.

ஐந்தாம் படி: வரிசையும் நேரமும்

பூஜை முடிந்து, ரிப்பன் வெட்டி, மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். லேத் ஓட ஆரம்பித்துவிட்டால் சத்தம் ஒரு பக்கம், டிபன் வாசனை ஒரு பக்கம், கூட்டம் கலைந்துவிடும்.

“மரியாதைக்குரிய…” என்று ஆரம்பித்து வந்தவர்கள் பெயரையெல்லாம் அடுக்கி, பிறகு நன்றியில் அதே பெயர்களை மறுபடி அடுக்குவதில்தான் பாதி நேரம் போகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வையுங்கள். பெயரோ உறவோ நன்றி சொல்லும்போது ஒரே தடவை வரட்டும்.

வீட்டாரைக் கடைசியில் வையுங்கள். அம்மாவைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வங்கி மேலாளரை நினைவுபடுத்திப் பேசுவது நடக்காது. கடைசி வரி ஒரு வேலையைச் செய்யச் சொல்வதாக இருந்தால் இன்னும் நல்லது. குரல் வராவிட்டாலும் அந்த வேலை நடந்துவிடும்.

நம் ஆளின் பேச்சு

பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். எழுத்து நடையில் எழுதினால் வாசிப்பதுபோல் இருக்கும்.

> எல்லாத்துக்கும் வணக்கமுங்க. வேலை நாள்ல, காலங்காத்தால வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோசமுங்க.
>
> இங்க ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெசின் போட்டிருக்கறோம். பம்ப் ஷாஃப்ட், புஷ்ஷு, சின்னச் சின்ன டர்னிங் வேலை எல்லாம் ஜாப் ஒர்க்கா பண்ணித் தர்றோமுங்க.
>
> மைக்ரோமீட்டர் எப்படிப் புடிக்கறதுன்னு எனக்குக் காட்டிக் குடுத்தது எங்க பழைய முதலாளிங்க. நான் கிளம்பறேன்னு சொன்னப்ப, மெசின் கொட்டேசனைக் கொண்டா, பாக்கறேன்னு சொன்னாரு. அதுக்கு நன்றிங்க.
>
> வங்கிக் கிளை மேலாளர் சாருக்கும், கடன் பிரிவு மேடத்துக்கும் நன்றிங்க. மாசம் இவ்வளவு வேலை வரும்னு நான் எழுதிக் குடுத்தேன். எங்கிருந்து வரும்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் தேடிப் போய்த்தான் ரெண்டு கம்பெனியில பேசிட்டு வந்தேன். மாவட்டத் தொழில் மையத்துல ஒவ்வொரு பேப்பரா சொல்லிக் குடுத்தவங்களுக்கும் நன்றிங்க.
>
> இந்த ஷெட்டு கிடைக்கற வரைக்கும் என்னைய வண்டியில உக்கார வெச்சு சுத்தினது எங்க மாமாங்க. நீங்க இல்லீன்னா நான் இன்னும் ஷெட்டு தேடிட்டுத்தான் இருப்பேன் மாமா.
>
> வீட்டுல ஒரு பில்லு தொலையாம ஃபைல் போட்டு வெச்சது என் சம்சாரம். இனிக் கணக்கும் அவங்கதான் பாக்கப் போறாங்க.
>
> மெசின் ஓடுனதும் எல்லாரும் இருந்து டிபன் சாப்புட்டுத்தான் போகோணுமுங்க.
>
> உனக்குன்னு ஒரு லேத்து போடுடான்னு மொதமொதல்ல சொன்னது எங்கம்மா. அம்மா, வாங்க, வந்து சுச்சைப் போடுங்க.

கைமாத்து, நகை, சீட்டு மூன்றும் இதில் இல்லை. கொடுத்த மூவரும் இருக்கிறார்கள். மாமாவுக்கான வரியில் மட்டும் “நீங்க” என்று நேராகப் பேசுவதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கான நன்றியைக் கூட்டத்திடம் சொல்லிவிட்டு, அவருக்கானதை மட்டும் அவரைப் பார்த்தே சொல்வதில் சொல்லாமல் விட்டது சேர்ந்துவிடும். அடுத்து மனைவிக்கான வரி வந்ததும் கூட்டம் இளகும். உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

ஆறாம் படி: பேசிப் பார்ப்பது

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு அட்டையில் “பழைய முதலாளி – வங்கி – தொழில் மையம் – மாமா – சம்சாரம் – டிபன் – அம்மா” என்று பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் வேண்டாம், பேசும் நேரத்தில் வழி கேட்டு யாராவது கூப்பிடுவார்கள். ஷெட்டிலேயே நின்று, கடைசி ஆள் நிற்கப் போகும் இடத்தில் ஒருவரை நிறுத்திப் பேசிப் பாருங்கள். தகரக் கூரை எதிரொலிக்கும், வேகமாகப் பேசினால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பின்னால் நிற்பவருக்கு “வங்கி”யும் “மாமா”வும் தெளிவாகக் கேட்டால் வேகம் சரி.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

பேச்சில் சேராது, ஆனால் பேசி முடித்த அடுத்த நொடியில் நடப்பது என்பதால் சொல்கிறேன். பூஜைக்காக லேத் சக்கில் மாலையோ பூச்சரமோ சுற்றியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் நார் இழுக்கும். சக் கீ சக்கிலேயே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மாட்டியிருந்தால் ஸ்பிண்டில் சுழன்றதும் பறந்து வந்து அடிக்கும். உங்கள் தோளில் போட்ட பொன்னாடையைக் கழற்றி யாரிடமாவது கொடுங்கள். அம்மாவின் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லி, சக் பக்கம் போகாமல் மெயின் சுவிட்சில் கைவைக்க அழைத்துப் போங்கள். பூஜை விளக்கு கட்டிங் ஆயிலுக்கும் வேஸ்ட் துணிக்கும் எட்டத்தில் இருக்கட்டும்.

பேச்சில் பெயர் வராத எலெக்ட்ரீஷியன், ஷெட் ஓனர், பக்கத்துப் பட்டறைக்காரர் இவர்களுக்கெல்லாம் டிபன் பந்தியில் பக்கத்தில் போய் நன்றி சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துப் பட்டறைக்காரரை முதலில் பாருங்கள். டூல் உடைந்தால் நீங்கள் ஓடப்போவது அவரிடம்தான்.